“இது சரியோ?”

உயர்தரம் படிக்கிற தங்கச்சி ஒருத்தி கொப்பியைப் படமெடுத்து எங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கீழே, “அக்காமார், இது சரியோ?”

x நேர் எண் என்றால் x + 1/x ≥ 2 என நிறுவவேண்டும். அவள் எழுதியது:

x + 1/x ≥ 2
x² + 1 ≥ 2x
(x − 1)² ≥ 0
இது உண்மை. எனவே நிறுவப்பட்டது.

நிறுவல் கணக்கில் விடை கேள்வியிலேயே இருக்கு. அதனால் விடையைப் பார்த்துச் சரி போட ஏலாது; வழியைத்தான் பார்க்கவேணும். அளவையியல் படிக்கிற எங்களுக்கு முதல் வரியே இடறியது. நிறுவவேண்டியதையே உண்மை என்று எடுத்துத் தொடங்கியிருக்கிறாள். ஆனால் பொய்யில் தொடங்கியும் உண்மைக்கு வரலாம்: −1 = 1 என்பதை இருபக்கமும் வர்க்கித்தால் 1 = 1.

ஆகவே கீழிருந்து மேலே வாசித்தோம். (x − 1)² ஒருபோதும் மறையாகாது. விரித்தால் x² + 1 ≥ 2x. இதுவரை சரி. அடுத்து இருபக்கத்தையும் x ஆல் வகுக்கவேணும். x மறை என்றால் சமனிலிக் குறி திரும்பிவிடும். x = −1 என்று போட்டுப் பார்த்தோம். கடைசி வரி 4 ≥ 0, உண்மை. முதல் வரி −2 ≥ 2, பொய். x நேர் எண் என்று கேள்வியில் தந்ததை அவள் எங்கேயும் பயன்படுத்தவில்லை.

“கடைசி வரியில தொடங்கி மேல போ. வகுக்கிற இடத்தில ‘x > 0 என்பதால்’ என்று எழுது” என்று பதில் போட்டோம். வரிகள் அதேதான். ஆனால் இப்போது −1 அந்த இடத்தைத் தாண்டி வராது.