போட்டோக்காரருக்கு ஒரு கடிதம்

அரசு வேலையை விட்டு வந்து இத்தனை வருடமாகியும், மனு எழுத வேண்டுமென்றால் தெருவில் என் வீட்டைத்தான் தேடி வருகிறார்கள். 2022 தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் செய்த நண்பர் ஒருவர், மறு தை வந்தும் ஆல்பமும் வீடியோவும் வராத கோபத்தில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். முதல் இரண்டு பக்கம் வெறும் சாபம். “இதை அப்படியே அனுப்பிடலாமா சார்?” என்றார்.

பேசிய தொகை 85,000. நிச்சயத்தன்று 25,000, கல்யாணத்தன்று 40,000 கொடுத்தாகிவிட்டது. ஆல்பம் வந்ததும் மீதி 20,000. முதல் பணத்துக்கு ரசீது இல்லை. விசிட்டிங் கார்டின் பின்னால் போட்டோக்காரரே எழ்திக் கையெழுத்துப் போட்டிருந்தார். அது போதும்.

“நீங்கள் படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை” என்பதுதான் இவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஆல்பத்துக்கான 150 படங்களின் எண்களை எப்போது அனுப்பினீர்கள் என்று கேட்டேன். பெண்ணின் வாட்ஸப்பில் தேதி இருந்தது, மார்ச் 14. அதற்கு அவர் போட்ட கட்டைவிரலும் இருந்தது. இரண்டையும் படமெடுத்துக் கடிதத்தோடு இணைத்தோம்.

கிளம்பும்போதுதான் நண்பர் மெல்லச் சொன்னார்: “அம்மா ஐப்பசியில் போயிட்டாங்க சார். அட்சதை போட்டது அந்த வீடியோவுலதான் இருக்கு.” நான்கு பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை! கடிதத்தின் வரிசையையே மாற்றினேன். பணம் இரண்டாவது, எடிட் செய்யாத மூலப் பதிவுகள் முதலில்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு ‘மீஸ் ஆன் தெமேர்’ பழக்கமான சொல். தர வேண்டியவருக்கு எழுத்து மூலம் கெடு வைப்பது. அதில் கோபத்துக்கு இடமில்லை. முடிவில் வணக்கம்கூட உண்டு. அந்த அச்சில் எழுதியது:

“ஐயா, 65,000 ரூபாய் பெற்றும், படங்களின் பட்டியல் பெற்றுப் பத்து மாதமாகியும் ஆல்பமும் வீடியோவும் தரவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எல்லாப் படங்களையும் வீடியோவையும் எடுத்தது எடுத்தபடியே ஹார்ட் டிஸ்கில் தரவும். படம் பிடித்த கூலியாக 20,000 வைத்துக்கொண்டு 45,000 திருப்பித் தரவும். பதிவுகளைத் தர இயலாவிட்டால் முழுத் தொகையும் தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். வணக்கம்.”

கூலியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நண்பருக்கு மனத்தாங்கல். வேலை செய்ததற்குக் கூலி இல்லை என்றால், பதிவைக் கையில் வைத்துக்கொண்டு இழுப்பார் என்றேன். ஆணையம் என்றது வெறும் மிரட்டலல்ல. 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் தரலாம்; ஐந்து லட்சம் வரை கொடுத்த வேலைக்குக் கட்டணமில்லை; வக்கீலும் கட்டாயமில்லை.

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போனது. பதினோராம் நாள் போட்டோக்காரர் ஹார்ட் டிஸ்கோடு வந்தார். ஆல்பம் அச்சடிப்பவருக்குப் பழைய பாக்கியாம், அவர் வேலையை நிறுத்திவிட்டாராம். பணம் இரண்டு தவணையில் வந்தது, இரண்டாவதற்கு நான்கு முறை போன் செய்ய வேண்டியிருந்தது.

பதிவில் அம்மா இருக்கிறார். நாதஸ்வரத்துக்கு மேல் அவர் குரல்தான் சரியாகக் கேட்கவில்லை.