பதினாறாயிரம் என்ற ஒற்றை எண்

மாஹிம் ஸ்டேஷனிலிருந்து கிழக்கே இறங்கினால் தாராவி. அங்கே தோல் பை தைக்கும் ஒரு பட்டறைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். புது தையல் மிஷினுக்கு மாதத் தவணை 10,000 ரூபாய் என்றபோது, "கட்டிரலாமா தம்பி?" என்று கேட்டார்.

பை ஒன்று 900 ரூபாய். மாதம் 350 பை போகும், ஒன்றுக்கு தோலும் கூலியும் 625, வாடகை மின்சாரம் எல்லாம் 80,000 என்று வைத்தால் 16,250 மிஞ்சும். தாராளமாகக் கட்டலாம் என்றுதான் தோன்றும். ஆனால் பில் புத்தகத்தைப் புரட்டினால் 250 பை போன மாதமும் இருந்தது, 450 போன மாதமும் இருந்தது. செலவும் 550க்கும் 700க்கும் நடுவே ஆடியது. எனவே அந்த எல்லைகளையே எக்ஸெலில் இட்டேன்:

```
A2: =RANDBETWEEN(250,450)
B2: =RANDBETWEEN(550,700)
C2: =A2*(900-B2)-80000
```

இந்த வரியைக் கீழே 1,000 வரிகளுக்கு இழுத்தால் 1,000 கற்பனை மாதங்கள் கிடைக்கும். F9 தட்டும்போதெல்லாம் எண்கள் மாறும், மொத்தச் சித்திரம் அதிகம் மாறாது. அதை வாசிக்க இரண்டு சூத்திரம் போதும்:

```
=COUNTIF(C2:C1001,"<10000")/1000
=PERCENTILE(C2:C1001,0.05)
```

பத்தில் நாலு மாதத்துக்கும் சற்று மேல், லாபம் தவணையை எட்டவில்லை. முதல் சூத்திரத்தில் 10000க்குப் பதில் 0 போட்டால், நாலில் ஒரு மாதம் நஷ்டமே. மிக மோசமான ஐந்து சதவீத மாதங்களில் கைவிட்டுப் போவது 17,000க்கு மேல். அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவர் சொன்னதுதான் என்னை மறுபடி உட்கார வைத்தது: "மழைக்காலத்துல ஆர்டரும் குறையும், தோல் பூசணம் புடிச்சு சேதாரமும் கூடும். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்." என் தாளில் இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே ஆடின. ஒரே குலுக்கலில் இரண்டையும் கட்டினேன்:

```
D2: =RAND()
A2: =250+200*D2
B2: =700-150*D2
```

இது அந்தப் பிணைப்பின் உச்சம், நிஜம் இதற்கும் முந்தையதற்கும் இடையில் இருக்கும். தவணை எட்டாத மாதங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் நஷ்ட மாதம் மூன்றில் ஒன்றானது, மோசமான ஐந்து சதவீதத்தின் விளிம்பு 26,000 நஷ்டத்துக்கு இறங்கியது. சராசரியைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, இந்தப் பிணைப்பில் அது ஏறத்தான் செய்கிறது.

இந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு. RANDBETWEEN எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு தருகிறது. பட்டறையிலோ 350ஐ ஒட்டிய மாதங்களே அதிகம். ஒரு பெரிய வியாபாரி திடீரென்று நின்றுபோனால் 250க்கும் கீழே போகலாம், அது தாளுக்குள் வராது. எல்லைகளையாவது ஞாபகத்திலிருந்து கேட்டு எழுதுவதில்லை, பில்லிலிருந்தே எடுக்கிறேன்.

அண்ணாச்சி மிஷினை விடவில்லை. தவணை தீபாவளி ஆர்டர் பணம் வந்த பிறகு தொடங்கும்படி பேசி முடித்தார், 30,000 ரூபாயைத் தனிக் கணக்கில் மழைக்கென்று ஒதுக்கினார்.