மழைக்காலமும் ஹெல்மெட்டும் நம்ம தலையும்



புரட்டாசி சனிக்கிழமைகளில் கோயில் சேவைக்கு வர்ற தம்பிங்க பாதிப்பேர் மோட்டார் சைக்கிள்லதான் வர்றாங்க. கெப்பாலா பத்தாஸ்ல செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை சாயங்கால மழை சொல்லாமலே வந்துடும். செருப்பு வைக்கிற இடத்துப் பக்கத்துல ஈர ஹெல்மெட்டுகளை அடுக்கும்போது வர்ற வாடையை நாங்க எல்லாருமே கவனிச்சிருக்கோம். தலை அரிப்பு, பொடுகுன்னு கேக்கிறவங்களும் இந்த மாசங்கள்லதான் அதிகம். அதனால இந்தப் பதிவு.

முதல்ல காரணம். பொடுகு அழுக்கால மட்டும் வர்றதில்ல. மலசீசியா என்ற ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை எல்லார் தலைத்தோல்லயும் இருக்கு. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்க அதால முடியாது. நம்ம தலையில சுரக்கிற எண்ணெயை உடைச்சுத் தின்னும். மிச்சமாகிற கொழுப்பு அமிலம்தான் சிலருக்குத் தோலை உறுத்தி, அரிப்பையும் செதிலையும் உண்டாக்குது. சூடும் ஈரமும் எண்ணெயும் சேர்ந்தா அது பெருகும். மூடிய ஹெல்மெட்டுக்குள்ள மூணுமே இருக்கு. வியர்வைக்குத் தனியா பெரிய வாடை கிடையாது. அதுவும் எண்ணெயும் நுண்ணுயிர்களால சிதையும்போதுதான் நாத்தம் வருது.

ஒரு தம்பியோட கதையைச் சொல்றோம். இங்கிருந்து பினாங்கு பாலம் வழியா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போறவர். விடியற்காலை தலைக்குக் குளிச்சு, தேங்காய் எண்ணெய் தடவி, ஈரம் காயாமலே ஹெல்மெட் மாட்டுவார். செதில் விழுந்ததும் "தலை வறண்டு போச்சு"ன்னு ராத்திரியும் எண்ணெய் வச்சுப் படுத்தார். அரிப்பு இன்னும் கூடிடுச்சு. தேங்காய் எண்ணெயில இருக்கிற கொழுப்பு அமிலங்கள் பலதும் இந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடுதான். எண்ணெய் செதிலை நனைச்சு ஒட்ட வைக்கிறதால ஒரு நாள் குறைஞ்ச மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

பார்மசியில் 2 விழுக்காடு கீட்டோகோனசோல் ஷாம்பு வாங்கச் சொன்னாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை, நாலு வாரம். இதுல பலபேர் கோட்டை விடுறது நேரத்தை. முடியில தேய்ச்சு உடனே அலசினா மருந்துக்கு வேலை செய்ய அவகாசமே இல்ல. விரல் நுனியால தலைத்தோல்ல படுற மாதிரி தேய்ச்சு, நுரையை 3லிருந்து 5 நிமிஷம் அப்படியே விட்டு, பிறகு அலசணும். நகத்தால சுரண்டக் கூடாது. மத்த நாள்ல சாதாரண ஷாம்பு போதும். குணமானதும் வாரத்துக்கோ ரெண்டு வாரத்துக்கோ ஒரு தடவை போட்டா திரும்பி வர்றது குறையும். பூஞ்சையை முழுசா ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருந்தாளரைக் கேட்டுட்டுப் போடுங்க.

அந்தத் தம்பி பழக்கத்தையும் மாத்தினார். தலைக்குக் குளிக்கிறதை வேலை முடிஞ்சு வந்த பிறகு வச்சுக்கிட்டார்; காத்தாடி கீழ நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் படுக்கிறார். ஹெல்மெட்டுக்குள்ள மெல்லிய பருத்தித் துணி கட்டி, தினமும் மாத்துறார். உள் பஞ்சைக் கழட்டி வாரம் ஒரு தடவை ஷாம்பு தண்ணியில துவைச்சு, ராத்திரி முழுக்க காத்தாடி கீழ காய வைக்கிறார். நனைஞ்ச ஹெல்மெட்டை சீட்டுக்கடியில பூட்டி வைக்கிறதில்ல. இரவல் குடுக்கிறதும் இல்ல.

அக்காமார் ஈரக் கூந்தலைக் கொண்டை போட்டுப் பூ வைக்கிறதும் இதே கதைதான். முடி காய்ஞ்ச பிறகு முடிஞ்சுக்குங்க. தீபாவளி எண்ணெய்க் குளியலை விட வேண்டாம். செதில் இருக்கிறவங்க மட்டும் உச்சியில சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டு வச்சு, மிச்சத்தை முடி நுனியில தடவி, கொஞ்ச நேரத்துலயே நல்லா அலசிடுங்க.

பிள்ளைகள் தலையில வட்டமா முடி கொட்டி, உடைஞ்ச முடி கரும்புள்ளி மாதிரி தெரிஞ்சா அது பொடுகு இல்ல, படை. சீப்பு, துண்டு, முடி வெட்டுற மெஷின், வீட்டுப் பூனை வழியாகூட ஒட்டும். ஷாம்பு மட்டும் போதாது. சில வாரம் மாத்திரை சாப்பிடணும், டாக்டர்கிட்ட காட்டுங்க. பெரியவங்களும், நாலு வாரத்துல குறையலன்னாலோ, சீழ், வலி இருந்தாலோ கிளினிக் போயிடுங்க.

ஷிப்டு வேலைக்குப் போற பிள்ளைகளுக்கு இதைப் பகிருங்க.