பிரஷர் ஏறுது, பொட்டாசியம் இறங்குது

ரொம்ப நாளைக்கு அப்புறம் கொஞ்சம் சீரியஸான பதிவு. நான் டாக்டர் இல்லீங்க. இங்கே அமெரிக்காவில் மருத்துவ லேப் சம்பந்தமா மாஸ்டர்ஸ் படிக்கிறேன். ரத்தம் எடுக்கிறது ஒருத்தர், மருந்து கொடுக்கிறது இன்னொருத்தர், நடுவில் வர்ற எண்ணைப் படிக்கிறது எங்க வேலை. எந்த டெஸ்ட்டை எப்போ கேக்கணும்னு தெரியலைன்னா அந்த எண் சரியா இருந்தும் பதில் தப்பாப் போயிடும். அதுக்கு நல்ல உதாரணமா வகுப்பில் ஒரு கேஸ் வந்தது.

ஆளுக்கு 41 வயசு. பிரஷர் 172/106. ராமிப்ரில், அம்லோடிபின் ரெண்டும் முழு அளவில் சாப்பிடுறார். பொட்டாசியம் 2.9. (3.5க்குக் கீழே போனாலே குறைவு.) ராத்திரியில் கால் பிடிச்சு இழுக்குது, படி ஏறினா தொடை சோர்ந்து போகுது. ராமிப்ரில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏத்தக்கூடிய மருந்து. அதைச் சாப்பிட்டும் 2.9ன்னா, உடம்பில் ஏதோ ஒண்ணு பலமா எதிர்ப்பக்கம் இழுக்குதுன்னு அர்த்தம்.

வகுப்பில் ஒருத்தன் உடனே, "எல்லா ஹார்மோனையும் ஒரே தடவையில் அனுப்பிடலாமே?"ன்னு கேட்டான். வாத்தியார் சிரிச்சுட்டு, "அனுப்பலாம். பத்து டெஸ்ட் அனுப்பினா ஒண்ணாவது சும்மாவே தப்பாக் காட்டும். அப்புறம் அது பின்னாடி ஆறு மாசம் ஓடணும்"னார்.

அதனால் முதல் கேள்வி ஹார்மோனே இல்லை, வாய்க்குள்ளே என்ன போகுதுங்கிறதுதான். நீர் பிரியிற மாத்திரை ஏதாவது? வாந்தி, பேதி? அப்புறம் நம்மாளுங்ககிட்ட கண்டிப்பாக் கேக்க வேண்டியது: அதிமதுரம். இருமலுக்கு வாயில் அடக்கிக்கிறோமே, அதேதான். இங்கே கறுப்பு மிட்டாயா விக்கிறதிலும் சிலதில் நிஜ அதிமதுரம் இருக்கு. தினமும் நிறையச் சாப்பிட்டா, கார்டிசாலைச் செயலிழக்க வைக்கிற ஒரு நொதியைச் சிறுநீரகத்தில் அது தடுத்துடும். அப்புறம் கார்டிசாலே உப்பைப் பிடிச்சு வைச்சு, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். இவர்கிட்ட இது எதுவும் இல்லை.

ரெண்டாவது கேள்வி: பொட்டாசியம் எந்த வழியாப் போகுது? ஒரு தடவை பிடிச்ச சிறுநீர் போதும். அதில் இருக்கிற பொட்டாசியத்தைக் கிரியாட்டினினால் வகுக்கணும். இவருக்கு பொட்டாசியம் லிட்டருக்கு 40 மில்லிஈக்விவலன்ட், கிரியாட்டினின் லிட்டருக்கு 0.8 கிராம். வகுத்தா 50. உடம்பில் பொட்டாசியம் பஞ்சமா இருக்கும்போது சிறுநீரகம் ஒழுங்காச் சேமிச்சா இது 13க்குக் கீழே இருக்கணும். ஆக, ஓட்டை சிறுநீரகத்தில்தான்.

இப்பத்தான் ஹார்மோன். ரெனினும் ஆல்டோஸ்டீரோனும், ரெண்டையும் ஒரே ஊசியில். இதில் மூணு வழி பிரியும். ரெண்டும் ஏறியிருந்தா, சிறுநீரகத்துக்கு ரத்தம் பத்தலைன்னு அது அலறுது. ரத்தக்குழாய் அடைப்பைத் தேடணும். ரெண்டும் இறங்கியிருந்தா, ஆல்டோஸ்டீரோன் வேஷத்தில் வேற எதுவோ வேலை பார்க்குது. அதிமதுரத்தை மறுபடி கேக்கணும், கார்டிசாலைப் பார்க்கணும், லிடில் மாதிரி பரம்பரை நோய்களை யோசிக்கணும். ரெனின் மட்டும் படுத்துக்கிடந்து ஆல்டோஸ்டீரோன் ஏறியிருந்தா, அட்ரீனல் சுரப்பி தன்னிஷ்டத்துக்குச் சுரக்குது. இந்தக் கடைசி வழியைத்தான் ஆன் ஆர்பரில் ஜெரோம் கான் 1954-ல் ஒரு நோயாளியிடம் கண்டுபிடிச்சார்.

நம்ம ஆளுக்கு முதலில் பார்த்த இடத்தில் ஆல்டோஸ்டீரோன் மட்டும் எடுத்தாங்க. டெசிலிட்டருக்கு 9 நானோகிராம். "நார்மல்"னு எழுதி மூடிட்டாங்க. இந்த இடம்தான் எனக்கு இந்தப் பதிவையே எழுதத் தோணினது. பொட்டாசியம் குறைஞ்சா அட்ரீனல் ஆல்டோஸ்டீரோன் சுரக்கிறதைத் தானே குறைச்சுக்கும். 2.9-ல் நல்ல சுரப்பி அடங்கியிருக்கணும். அந்த நிலையில் 9 வருதுன்னா அது நார்மலே இல்லை. கூட ரெனின் எடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

அதனால் பொட்டாசியம் மாத்திரை கொடுத்து 4.1-க்குக் கொண்டுவந்தாங்க. உப்பைக் குறைக்கச் சொல்லலை, ஏன்னா உப்பு குறைஞ்சா ரெனின் ஏறி நோயை மறைக்கும். காலையில் எழுந்து ரெண்டு மணி நேரம் நடமாடின பிறகு, கொஞ்ச நேரம் உட்கார வைச்சு ரத்தம் எடுத்தாங்க. ஆல்டோஸ்டீரோன் 24. ரெனின் செயல்பாடு 0.2, 1-க்குக் கீழே இருந்தாலே அடங்கினதுன்னு கணக்கு. விகிதம் 120.

விகிதத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ரெனின் 0.1ன்னா ஆல்டோஸ்டீரோன் 5 இருந்தாலும் விகிதம் 50 ஆகிடும். அதனால ஆல்டோஸ்டீரோனும் 10க்கு மேலே இருக்கான்னு பார்க்கிறாங்க. மருந்தும் விளையாடும். பீட்டா பிளாக்கர் ரெனினை அடக்கிப் பொய்யா நோய் காட்டும். ஸ்பைரனோலாக்டோன் ரெனினை ஏத்தி நோயை மறைக்கும். தெளிவான பதில் வேணும்னா நாலு வாரம் நிறுத்தி எடுப்பாங்க, அதுவும் டாக்டர் சொன்னா மட்டும். ராமிப்ரிலும் ரெனினை ஏத்தக்கூடியதுதான். அதைச் சாப்பிட்டும் இவருக்கு 0.2ன்னா சந்தேகம் இன்னும் வலுக்குது.

வழக்கமா அடுத்து உறுதிப்படுத்துற டெஸ்ட் உண்டு. நாலு மணி நேரத்தில் ரெண்டு லிட்டர் உப்புநீர் ஏத்தியும் ஆல்டோஸ்டீரோன் அடங்கலைன்னா உறுதி. ஆனா மாத்திரை காரணமில்லாமலே பொட்டாசியம் குறைவு, ரெனின் தரையில், ஆல்டோஸ்டீரோன் 20க்கு மேலே, மூணும் சேர்ந்திருந்தா இதைத் தாண்டிப் போகலாம்னு 2016 எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டி சொல்லுச்சு. இவருக்கு மூணும் இருந்துது. பிரஷர் 172-ல் நிக்கிறவருக்கு உப்புநீர் ஏத்தாம தப்பிச்சதே பெரிய விஷயம்.

அப்புறம்தான் சி.டி. ஸ்கேன். இடது அட்ரீனலில் ஒரு சென்டிமீட்டர் கட்டி தெரிஞ்சது. "வெட்டிடலாம்"னு கிளாஸே சொல்லுச்சு. வாத்தியார் அடுத்த தாளைக் காட்டினார். நாற்பது தாண்டினா எந்த ஹார்மோனும் சுரக்காத சோம்பேறிக் கட்டிகள் அட்ரீனலில் சகஜம். அதனால் ரெண்டு பக்க அட்ரீனல் ரத்தக்குழாயிலிருந்தும் தனித்தனியா ரத்தம் எடுத்தாங்க. ஊசி சரியான குழாயில்தான் இருந்துதான்னு கார்டிசாலை வைச்சுச் சரிபார்த்து, ஆல்டோஸ்டீரோனைக் கார்டிசாலால் வகுத்து ஒப்பிட்டா, வலது பக்கம் இடதைவிட ஆறு மடங்கு! 4 மடங்குக்கு மேல் போனாலே ஒரு பக்க நோய்னு எடுத்துக்கிறாங்க. கட்டி இடதில், குற்றவாளி வலதில். ஸ்கேனை முதலில் எடுத்து அதையே நம்பியிருந்தா நல்ல சுரப்பியை எடுத்திருப்பாங்க, நோய் அப்படியே இருந்திருக்கும்.

வலது அட்ரீனலை எடுத்தாங்க. பொட்டாசியம் மாத்திரை நின்னுது. பிரஷருக்கு ஒரே மாத்திரை மிச்சம். மாத்திரையே இல்லாமப் போறது எல்லாருக்கும் நடக்காது. பல வருஷ பிரஷரில் ரத்தக்குழாய் இறுகியிருக்கும். ரெண்டு பக்கமும் சுரந்திருந்தா கத்தியே வேண்டாம், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மருந்துதான்.

பிரஷர் இருக்கிற எல்லாருக்கும் இந்த ரெனின்-ஆல்டோஸ்டீரோன் ஜோடியை ஒரு தடவையாவது பாருங்கன்னு 2025-ல் வந்த புது வழிகாட்டி சொல்லுது. ஊரில் அப்பாவோ சித்தப்பாவோ மூணு பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் அடங்கலைன்னா, பழைய ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எவ்வளவுன்னு ஒரு தடவை பாருங்க. மூணரைக்குக் கீழே இருந்தா அந்தத் தாளையும், சாப்பிடுற மாத்திரை, லேகியம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க.