தங்கைக்கு நான் சொன்ன தப்புக் கணக்கு

முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் வட்டிக் கணக்கு போட்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அதே வட்டிக் கணக்கில் சறுக்கிய கதை இது.

2023 கடைசியில் என் தங்கை ஒன்பது லட்சம் ரூபாயோடு வந்தாள். மச்சான் இறந்த பிறகு கைக்கு வந்த பணம். பென்ஷன் கிடையாது. "அண்ணே, இதை எங்க போடலாம்?" என்றாள். இரண்டு வழி இருந்தது. ஒன்று, மாநில அரசின் ஐந்தாண்டுக் கடன் பத்திரம், 7.50 சதவீதம், நூறு ரூபாய்ப் பத்திரம் நூறு ரூபாய்க்கே கிடைத்தது. மற்றொன்று அஞ்சலக மாத வருமானத் திட்டம், 7.40 சதவீதம், அதுவும் ஐந்தாண்டு.

பத்திரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வட்டி வரும். 7.50 என்றால் அரையாண்டுக்கு 3.75. நூறு ரூபாய் போட்டால் ஆறு மாதத்தில் 103.75 ஆகும். அந்த 3.75-ஐயும் அதே வட்டிக்கு விட்டால், அடுத்த ஆறு மாதத்தில் 3.89 வரும். ஆக வருடத்துக்கு 7.64. இதைத்தான் எஃபெக்டிவ் ஈல்டு, அதாவது வட்டிக்கு வட்டியும் சேர்ந்த ஆண்டு வட்டி, என்கிறார்கள். சூத்திரமாக:

(1 + 0.075/2)^2 − 1 = 0.0764

இதைப் போட்டுவிட்டுப் பெருமையாகச் சொன்னேன்: "பத்திரம் 7.64, தபால் ஆபீஸ் 7.40. ஒன்பது லட்சத்துக்கு வருடம் 2,160 ரூபாய் கூடுதல். பத்திரமே வாங்கு." அவளும் தலையாட்டினாள்.

அன்று மாலை வங்கியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். நான் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், பத்திரத்துக்கு மாற்றினீங்க. மாத வட்டிக்கு மாற்றினீங்களா?" என்று கேட்டான்.

மாற்றவில்லை. ஒன்றை மீட்டரிலும் மற்றொன்றை அடியிலும் அளந்துவிட்டு, எது நீளம் என்று சொல்லியிருக்கிறேன்! பிள்ளைகள் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

உட்கார்ந்து போட்டேன். 7.40-ஐ 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 0.61667 சதவீதம். 1.0061667-ஐ அதனாலேயே பெருக்கிக்கொண்டே போய் பன்னிரண்டாம் அடுக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

(1 + 0.074/12)^12 − 1 = 0.0766

7.66! குறைவாகத் தெரிந்த 7.40 ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. நான் சொன்ன 2,160 ரூபாய் எங்குமே இல்லை. அந்த மாத வட்டியை எட்டிப்பிடிக்கப் பத்திரம் ஏறக்குறைய 7.515 தர வேண்டும்.

மாணவன் இன்னொன்றும் சொன்னான். "சார், அந்த 7.66 முழுசா வரணும்னா மாதாமாதம் வர்ற பணத்தை அதே வட்டிக்குத் திரும்பப் போடணும்." அதுவும் சரிதான். தபால் ஆபீஸில் எடுக்காமல் விட்ட மாத வட்டிக்கு வட்டி கிடையாது.

ஆகவே கையில் வரும் பணத்தையும் பார்த்தேன். மாதத் திட்டத்தில் மாதம் 5,550 ரூபாய். ஆறு மாதத்துக்கு 33,300. பத்திரத்தில் ஆறாம் மாதம் மொத்தமாக 33,750. வித்தியாசம் 450 ரூபாய். ஆறு மாதம் காத்திருப்பதற்கான கூலி அது. மாதாமாதம் வருவதைச் சேமிப்புக் கணக்கில் சும்மா விட்டுவைப்பவருக்குப் பத்திரம்தான் லாபம். சேமிப்புக் கணக்கின் வட்டி அந்த 450-ஐ ஈடுகட்டாது. செலவுக்கு எதிர்பார்த்திருப்பவருக்கோ நடுவில் கைமாற்று வாங்க நேர்ந்தால், அந்த 450 வட்டியிலேயே போய்விடும்.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போய், "நேத்து நான் சொன்னது தப்பும்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "எனக்கு மாசம் பொறந்தா வாடகை, மாத்திரை அண்ணே. ஆறு மாசம் யார் காத்திருப்பா?" என்றாள். தபால் ஆபீஸில்தான் போட்டோம். ஒருவர் பெயரில் உச்சவரம்பும் ஒன்பது லட்சம்தான்.

உங்களிடம் யாராவது "இதன் எஃபெக்டிவ் ஈல்டு இவ்வளவு" என்று சொல்லி, பக்கத்தில் மாத வட்டியை வைத்துக் காட்டினால், "அதையும் மாற்றியாச்சா?" என்று கேளுங்கள். இரண்டையும் மாற்றுங்கள், அல்லது இரண்டையும் மாற்றாதீர்கள் என்று சொல்லமாட்டேன். மாற்றாத எண்களை ஒப்பிடுவதும் தப்புதான், 7.50-ம் 7.40-ம் அதைத்தானே காட்டின.

போன் செய்த தம்பிக்கு: அன்று நீ எனக்கு வாத்தியார்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்