‘மானா’ என்ற ஒரு சொல்

சென்ற மாதம் தெற்குக் கோவாவில் என் ஆய்வுத் தோழியின் திருமணம். தேவாலயச் சடங்கு மாலையில் முடிந்தது. இரவு எட்டு மணியளவில் வரவேற்பு. கோவாக் கத்தோலிக்கத் திருமணங்களில் கேக் வெட்டியதும் ‘டோஸ்ட்’ உண்டு. ஒருவர் எழுந்து மணமக்களைப் பற்றிச் சில நிமிடம் பேசுவார். அவர் அழைக்கும்போது அவையோர் எழுந்து கோப்பை உயர்த்துவர். பெரும்பாலும் ஞானத்தந்தையோ தாய்மாமனோ செய்யும் பணி இது. தந்தை இல்லாத அந்த வீட்டில், தானே பேசுவேன் என்று பிடிவாதமாக நின்றான் தோழியின் தம்பி. வயது இருபத்திரண்டு.

மணமகன் கொல்கத்தாக்காரர். அவர் வீட்டாருக்குக் கொங்கணி தெரியாது, ஆகவே ஆங்கிலம். மொழியியல் படித்தவர் என்ற ஒரே தகுதியில் என்னிடம் உரையைத் திருத்தக் கொடுத்தான். ஏறத்தாழ எண்ணூறு சொற்கள். காதலைப் பற்றி இணையத்தில் எடுத்த இரண்டு மேற்கோள்கள், அக்காவின் கல்லூரித் தோழிகளுக்கு மட்டுமே புரியும் மூன்று வேடிக்கைகள். மணமகன் கடைசிப் பத்தியில்தான் வந்தார். கைப்பேசியில் நேரம் வைத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். ஆறு நிமிடத்தைத் தாண்டியது. முன்வரிசையில் அமரப்போகும் அவன் தாய்க்கும் பாட்டிக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான் புரியும். அந்த நடையில் அவர்கள் இரண்டாம் வாக்கியத்திலேயே வழிதவறியிருப்பார்கள்.

“அக்காவைப் பற்றி உனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்” என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னான். மட்காவ் கல்லூரிக்குப் போன காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அக்கா பேக்கரியிலிருந்து ஒரு பேட்டிஸ் வாங்கி வருவாள். ‘நான் அங்கேயே சாப்பிட்டுவிட்டேன்’ என்று அவனிடம் நீட்டுவாள். பேருந்துக் காசு போக அவள் கையில் ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தது என்பது அவனுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. மணமகன் முதன்முறை வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறையப் பேட்டிஸ் கொண்டுவந்தார். முதல் பேட்டிஸை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார்.

உரைக்கு அதுவே போதும் என்றேன். மற்றதெல்லாம் நீங்கியது. இருநூற்றைம்பது சொற்கள், இரண்டு நிமிடம். அக்காவிடம் தொடங்கிய கதை தானாகவே மணமகனிடம் போய்ச் சேர்ந்தது. இத்தகைய உரைகளில் பல தடுமாறுவது இங்கேதான்: உடன்பிறந்தவரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, வந்தவருக்கு ஓர் ஒட்டுவரி போடுவார்கள்.

ஒரே இடத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். உரை முழுவதும் அக்காவை ‘மானா’ என்றே எழுதியிருந்தான். போர்த்துக்கீசியத்திலிருந்து கோவாக் கொங்கணிக்கு வந்த சொல் அது. மூத்த சகோதரியை விளிப்பது. விருந்தினருக்குப் புரியாது, ‘மை சிஸ்டர்’ என்று மாற்று என்றேன். “அப்படி நான் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை” என்றான். விட்டுவிட்டேன். அவன் சொன்னதே சரி. ‘சிஸ்டர்’ என்ற சொல்லில் மூத்தவள் இளையவள் என்ற பேதமில்லை. உடன்பிறந்தவளை அப்படிக் கூப்பிடுவதும் வழக்கமில்லை; குறிப்பிடத்தான் செய்வார்கள்.

ஆங்கிலம் அவனுக்கு ஓர் உதவியும் செய்தது. இறுதியில் மணமக்களை நோக்கித் திரும்பி வாழ்த்த வேண்டும். கொங்கணியில் அக்காவை ‘தூ’ என்பான். புதிய அத்தானை அப்படிச் சொல்ல நா எழாது. தமிழிலும் நமக்கு இதே நீ, நீங்கள் சிக்கல்தான். ‘யூ’ என்ற ஒற்றைச் சொல் இருவரையும் ஒருங்கே, மரியாதைக் கணக்கு எதுவுமின்றி, அணைத்துக்கொண்டது.

ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், சில கூற்றுகள் செய்தி சொல்வதில்லை, செயலையே செய்கின்றன என்றார். டோஸ்ட்டின் கடைசி வரி அத்தகையது. அது தெளிவாக ஒலிக்காவிட்டால், எழுவதா அமர்வதா என்று தெரியாமல் அவை பாதி எழும், பாதி கைதட்டும். ஆகவே அந்த வரியை மட்டும் மனப்பாடம் செய்யவைத்தேன்: எழுந்து நில்லுங்கள், கோப்பையை உயர்த்துங்கள், இவர்கள் இருவருக்காக.

அன்றிரவு ஒலிவாங்கியைப் பிடித்ததும் அவன் உடனே பேசவில்லை. பின்வரிசை மேசைகளுக்கு ஒயின் இன்னும் வரவில்லை என்று கண்டு காத்திருந்தான். இதை நான் சொல்லித்தரவில்லை. பிறகு, ‘மானா’ என்று தொடங்கினான். ‘மானா’ என்றால் என்ன என்று கொல்கத்தா உறவினர் எவரும் கேட்கவில்லை. பேட்டிஸ் வந்த இடத்தில் பாட்டி சிரித்தார். ‘பேட்டிஸ்’ என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கடைசி வரியில் அரங்கம் முழுவதும் ஒன்றாக எழுந்தது. ‘ஹிப் ஹிப் ஹுர்ரே’ மூன்று முறை ஒலித்ததும் வாத்தியக் குழு தொடங்கியது.

நடனத்துக்கு இறங்கும் வழியில் தோழி அவன் காதைத் திருகினாள். “சில வெள்ளிக்கிழமைகளில் நான் உண்மையாகவே சாப்பிட்டுவிட்டுத்தான்டா வந்தேன்” என்றாள்.