நீங்களே பேசி முடிச்சுக்கோங்க

ஆதம்பாக்கத்தில் நான் மேனேஜராக இருந்த பட்டறையில் என்னைப் பற்றிக் குறை சொல்ல ஆள் கிடையாது. குரலை உயர்த்த மாட்டேன். நாலு பேர் முன்னால் யாரையும் கேள்வி கேட்க மாட்டேன். "சார் தங்கமானவர்" என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்ததெல்லாம் சண்டை இருக்கும் பக்கம் போகாமல் இருந்ததுதான். அதற்கான விலையை என்னிடம் வேலை பார்த்தவர்கள் கொடுத்தார்கள்.

கிண்டி தொழிற்பேட்டை 1958இல் வந்தது. அதைச் சுற்றி முளைத்த சின்னப் பட்டறைகளில் எங்களுடையதும் ஒன்று. தகரக் கூரை, சில சி.என்.சி. மெஷின்கள், மாடியில் ஏ.சி. போட்ட கியூ.சி. அறை. வார்ப்பிரும்பு பாகம் ஒன்றில் 25 மி.மீ. துளை போட்டு அனுப்புவது முக்கிய வேலை. துளை 25.000 மி.மீ.க்குக் குறையக்கூடாது, 25.021ஐத் தாண்டக்கூடாது. இடைவெளி 21 மைக்ரான்தான்.

தகராறு இந்தத் துளையில்தான் தொடங்கியது. கீழே செட்டர் 'கோ' கேஜைப் போட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அதே பீஸ் மாடிக்குப் போய்ச் சிறிது நேரம் கிடந்தபின் கியூ.சி. பெண் போட்டால் நுழையாது. சிகப்பு டேக் கட்டிவிடுவார். 2, 3 மைக்ரான் சின்னதான துளையைத் திரும்ப மெஷினில் ஏற்றிச் சீவ முடியாது. அவ்வளவு மெல்லிய சீவலுக்கு டூல் பிடிக்காமல் தேய்த்துக்கொண்டு போகும். ஹோனிங்குக்கு வெளியே அனுப்ப வேண்டும். அதற்குள் அந்த பீஸுக்கான இன்சென்டிவ் ஆபரேட்டருக்குப் போய்விடும்.

செட்டர் என் மேஜைக்கு வந்து, "சார், மெஷின்ல நல்லா போகுது. மேல போனா மட்டும் நுழையலைங்கறாங்க. வேணும்னே பண்றாங்க" என்றார். "நீங்க சொல்றது சரிதான், நான் பேசறேன்" என்றேன். மதியம் அந்தப் பெண் வந்தார். "சார், நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க." "நீ சொல்றது சரிதாம்மா, பார்த்துக்கலாம்" என்றேன். இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றபோது, "பெரியவங்க நீங்க, நீங்களே பேசி முடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கஸ்டமரைப் பார்க்கப் போவதாக வண்டியை எடுத்தேன். பரங்கிமலை ஸ்டேஷன் அருகே டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரி. கூலன்ட் இல்லாமல் கடையும் வார்ப்பிரும்பு மெஷினிலிருந்து சூடாக வரும். கேஜைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் 25 மி.மீ. துளை சுமார் 5 மைக்ரான் விரிந்து நிற்கும். கேஜ் நுழையும். ஆறியதும் துளை சுருங்கும், கேஜ் நுழையாது. நீள அளவுகளெல்லாம் 20 டிகிரி செல்சியஸில் எடுத்ததாகக் கொள்ள வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய உலக விதி. டூல் நுனியில் மாட்டும் இன்சர்ட் தேயத் தேயத் துளை சின்னதாகிக்கொண்டே வரும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே புது இன்சர்ட்டில் வந்த பீஸ்கள் தப்பிக்கும், அதன் கடைசிக் காலத்தில் வந்தவை மாட்டும்.

ரிஜெக்ஷன் சீட்டுகளைப் புரட்டியிருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். மாட்டிய பீஸ்களில் பெரிதாகிப்போனது ஒன்றுகூட இல்லை, எல்லாமே சின்னது, அதுவும் இரண்டு மூன்று மைக்ரான்தான். ஆளின் கவனக்குறைவு என்றால் இரண்டு பக்கமும் சிதறியிருக்கும். சந்தேகமிருந்தால் ஒரே பீஸைச் சூட்டோடு ஒரு முறையும், ஆறவைத்து ஒரு முறையும் அளந்து பார்த்தால் போதும். அந்தச் சீட்டுகளில் தினமும் கையெழுத்துப் போட்டது நான்தான். படிக்கவில்லை. படித்தால் ஒருவரிடமாவது "நீங்கள் அளக்கும் முறையை மாற்றுங்கள்" என்று சொல்லவேண்டி வரும்.

எனக்கு ஒரு சாக்கும் இருந்தது. ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் தாமஸ், கில்மன் என்ற இருவர் 1974இல் வகுத்த ஐந்து வழிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். மோதலைக் கையாளும் அந்த ஐந்தில் ஒதுங்கிப்போவதும் ஒன்று. ஆத்திரம் தணியும்வரை ஒரு மணி நேரம் ஒத்திப்போடுவதற்கு அது சரியான வழிதான். நான் ஒத்திப்போட்டதைத் திரும்ப எடுக்கவே இல்லை. மேலாளர் இருந்தும் இல்லாததுபோல் இருக்கும் இடங்களில் ஊழியர்களுக்குள் சண்டையும் ஒருவரை ஒருவர் ஒடுக்குவதும் கூடுகின்றன என்று நார்வேயில் செய்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. அதைப் பிற்பாடு படித்தபோது எங்கள் பட்டறையைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

நான் ஒதுங்கிய இடத்தில் அவர்கள் தங்கள் வழியில் முடித்துக்கொண்டார்கள். செட்டர் பழைய ஆள், ஆபரேட்டர்கள் அவர் பக்கம். அந்தப் பெண் கான்ட்ராக்ட்டில் வந்தவர், தனி ஆள். மாடிக்கு பீஸ் போவது தாமதமானது. அவர் கீழே வந்தால் பேச்சு நின்றுவிடும். டேக் கட்டிய பீஸ்கள் நைட் ஷிப்டில் நல்ல பீஸ்களோடு கலந்தன. அவரும் பதிலுக்குத் தன் நோட்டில் எல்லாவற்றையும் தேதி, நேரம் போட்டு எழுதி வைக்க ஆரம்பித்தார். நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது நான் நடுநிலையாக இருப்பதாக நினைத்தேன். உண்மையில் பலம் அதிகமுள்ளவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதியிருந்தேன். இரண்டு பேரிடமும் தனித்தனியாக "நீங்கள் சொல்வது சரி" என்று சொன்னது அவர்களுக்குள் தெரியவந்த பிறகு, மற்றவர் என்னைக் கைக்குள் போட்டுக்கொண்டதாக இருவரும் நம்பினார்கள்.

அந்தப் பெண் வேலையை விட்டார். காரணம் எழுதும் இடத்தைக் காட்டி என்ன போடட்டும் என்று கேட்டேன். "சொந்தக் காரணம்னு போட்டுக்கோங்க சார். உங்களுக்கும் சிரமம் இருக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மேனேஜரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதும் தன் வேலைதான் என்று அவருக்கு நான் பழக்கியிருந்தேன்.

பிறகு ஒரு லாட் முழுக்க கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது, டெபிட் நோட்டோடு. அன்றைக்குத்தான் சூட்டிலும் ஆறியபின்னும் அளந்து பார்த்தேன். ஒரே மதியத்தில் முடிவெடுத்தோம். மெஷினில் சூட்டோடு அளக்கும்போது கீழ் எல்லை 25.000 அல்ல, 25.007. அதற்குக் கீழே இறங்கினால் இன்சர்ட் மாற்ற வேண்டும், அல்லது ஆஃப்செட் திருத்த வேண்டும். பீஸ் ஆறிய பின் கியூ.சி. சொல்வதே கடைசி வார்த்தை. இன்சென்டிவ் கியூ.சி. பாஸ் செய்த எண்ணிக்கைக்கு மட்டும். செட்டர் ஒத்துக்கொண்டார். "இதை அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் என்ன சார் சண்டை?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். அளக்கும் இடத்தையோ எல்லையையோ இன்சென்டிவ் கணக்கையோ மாற்ற அவர்கள் இருவருக்கும் அதிகாரம் கிடையாது. அது என்னிடம் இருந்தது. எத்தனை பக்குவமாகப் பேசியிருந்தாலும் அவர்களால் முடித்திருக்க முடியாது.

சுபாவம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேஜையை நோக்கி வந்தால் இன்னமும் என் கை தானாக போனைத் தேடுகிறது. எடுப்பதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இவர்கள் இருவரில் யாருக்காவது இதை முடித்துவைக்கும் அதிகாரம் இருக்கிறதா? இருந்தால் அவர்கள் பேசிக்கொள்ளட்டும். இல்லையென்றால், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.